தட்டச்சு செய்துகொண்டிருந்தவரை வெளியேற்றிய படிவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நிதியுதவி கோருவோர் நிரப்ப வேண்டிய ஓர் இணையப் படிவத்தைப் பற்றிய ஆய்வு இது. படிவம் ஒரே பக்கத்தில் ஆறு பகுதிகளாக இருந்தது. முதல் நான்கு பகுதிகளில் பெயர், முகவரி, வங்கி விவரம் போன்ற சிறு கட்டங்கள் இருந்தன. கடைசி இரண்டில் திட்ட விளக்கத்தையும் செலவுக்கான நியாயத்தையும் ஒவ்வொன்றும் ஆயிரம் சொற்கள் வரை எழுத வேண்டியிருந்தது. பயனர்களிடமிருந்து வந்த புகார்கள் சொல்லில் வேறுபட்டாலும் பொருளில் ஒன்றாகவே இருந்தன: சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் உள்நுழைவுப் பக்கம் வந்தது, கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே சென்றதும் அதே படிவம் முழுவதும் வெறுமையாக நின்றது.

உதவி மையத்தினர் அதுவரை கொடுத்துவந்த பதில், விளக்கங்களை முதலில் வேறொரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள் என்பதுதான். அந்த அறிவுரையைப் பின்பற்றியவர்கள் ஏற்கெனவே ஒரு முறை இழந்தவர்கள் மட்டுமே என்பதை அவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

பராமரிப்புக் குழுவில் நான் சேர்ந்தபோது இந்தப் புகார் பழையதாகிவிட்டிருந்தது. "பயனர் நீண்ட நேரம் செயலற்று இருந்ததால் வெளியேற்றப்பட்டார், இது பாதுகாப்பு ஏற்பாடு" என்ற குறிப்போடு அதை இரண்டு முறை மூடியும் இருந்தார்கள். அந்தக் குறிப்பில் இருந்த "செயலற்று" என்ற சொல்லிலிருந்துதான் ஆய்வு தொடங்கியது. ஏனெனில் புகார் கொடுத்தவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சர்வர் யாரைச் செயலற்றவர் என்று கருதுகிறது

ஒருவர் உள்நுழைந்ததும் சர்வர் அவருக்கென ஓர் அமர்வைத் திறந்து, அதன் அடையாள எண்ணை ஒரு குக்கீயில் வைத்து உலாவிக்கு அனுப்புகிறது. பிறகு உலாவியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அந்தக் குக்கீ வருகிறது. வரும்போதெல்லாம் அமர்வின் கடைசிப் பயன்பாட்டு நேரம் புதுப்பிக்கப்படுகிறது. கோரிக்கை எதுவும் வராமல் குறித்த காலம் கடந்துவிட்டால் அமர்வு காலாவதியாகிறது.

பல பக்கங்களைத் தாவித் தாவிப் படிப்பவருக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. ஒரே பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் சொல் எழுதுபவருக்கு இது சிறிதும் பொருந்துவதில்லை. கட்டத்துக்குள் எழுதும் எழுத்துகள் உலாவியின் நினைவகத்தில் சேர்கின்றன, சர்வருக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. படிவத்தைத் திறந்த நொடிக்கும் சமர்ப்பித்த நொடிக்கும் இடையில் அந்த மனிதர் சர்வரின் பார்வையில் நாற்காலியை விட்டு எழுந்து போனவர்தான். ஆக, கூடுதலாக எழுதியவருக்கே கூடுதலான இழப்பு நேர்ந்தது.

அணுகல் பதிவேட்டில் ஒரு புகார்தாரரின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தபோது நடந்தது முழுவதும் ஐந்து வரிகளில் இருந்தது:

```
10:02:11  GET   /apply   200
10:51:47  POST  /apply   302
10:51:47  GET   /login   200
10:52:20  POST  /login   302
10:52:21  GET   /apply   200
```

முதல் வரியில் படிவம் திறக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை. இரண்டாவது வரியில், எழுதிய அனைத்தையும் தாங்கிக்கொண்டு `POST` சர்வருக்கு வந்து சேர்கிறது. இந்த வரியை நான் பலரிடம் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. தரவு வழியிலேயே தொலைந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது முழுமையாக வந்து சேர்ந்தது. நிரலின் முதல் வேலை அமர்வு இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லை என்று தெரிந்ததும் அது உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, கையில் வந்த உள்ளடக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 302 என்ற பதிலைப் பெற்ற உலாவி புதிய முகவரிக்கு `GET` கோரிக்கையை அனுப்புகிறது, அதில் படிவ உள்ளடக்கம் இருக்காது. உள்நுழைந்த பிறகு கிடைப்பதும் ஒரு புதிய `GET` தான். எனவே படிவம் வெறுமையாக வருவதில் வியப்பில்லை.

கண்காணிப்புப் பலகையில் இது ஏன் தென்படவில்லை என்ற கேள்விக்கும் இதே வரிதான் விடை. வெற்றிகரமான சமர்ப்பிப்பும் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதால் அதன் பதிலும் 302 தான். பலகை 400, 500 வரிசைப் பிழைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்ததால், இழந்த விண்ணப்பமும் ஏற்ற விண்ணப்பமும் அதன் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தன. `POST /apply` வரிக்கு அடுத்து அதே பயனரின் `GET /login` வருகிறதா என்று தேடியபோதுதான் புகார் செய்யாமலே விட்டுப் போனவர்களும் இருந்தது தெரிந்தது.

சோதனைச் சர்வரில் ஏன் தெரியவில்லை

புகார் இரண்டு முறை மூடப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சோதனை செய்தவர் படிவத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சமர்ப்பித்துப் பார்த்திருக்கிறார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் சரியாகத்தான் செய்தார். தவறு அந்தச் சர்வரின் அமைதியில் இருந்தது.

செயலி பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது, அமர்வுகள் கோப்புகளாகச் சேமிக்கப்பட்டன. அங்கே `session.gc_maxlifetime` என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1440 நொடி, அதாவது 24 நிமிடம். இந்தக் காலம் கடந்தவுடன் அமர்வு தானாகச் செத்துவிடுவதில்லை. காலம் கடந்த கோப்புகளை அழிக்கும் துப்புரவு வேலை, அமர்வு தொடங்கும் கோரிக்கைகளில் சிலவற்றின்போது மட்டும், குலுக்கல் முறையில் நடக்கிறது. எங்கள் சர்வர்களில் `session.gc_probability` 1, `session.gc_divisor` 1000 என்று இருந்ததால், ஆயிரம் கோரிக்கைக்கு ஒரு முறை என்ற அளவில் துப்புரவு நடந்தது. நொடிக்குப் பத்துக் கோரிக்கை வரும் சர்வரில் இது சராசரியாக 100 நொடிக்கு ஒரு முறை நிகழும். நாளைக்கு முந்நூறு கோரிக்கை மட்டுமே காணும் சோதனைச் சர்வரிலோ மூன்று நாளைக்கு ஒரு முறை நிகழ்ந்தாலே பெரிது. அதுவரை காலாவதியான அமர்வுக் கோப்பு அப்படியே கிடக்கும், சமர்ப்பிப்பும் ஏற்றுக்கொள்ளப்படும்.

இதனால் உண்மைச் சர்வரிலும் இழப்பு ஒழுங்கற்றதாகவே தெரிந்தது. நெரிசலான பகல் நேரத்தில் 26 நிமிடத்தில் சமர்ப்பித்தவர் இழந்தார், பின்னிரவில் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர் தப்பினார். இழப்பு சிலருக்கு நேர்ந்து சிலருக்கு நேராதபோது, "அவர் ஏதோ தவறாக அழுத்தியிருப்பார்" என்ற எண்ணம் குழுவுக்குள் எளிதாக வந்துவிடுகிறது. இங்கும் வந்தது.

முதல் திருத்தமாக 1440 என்பதை 3600 ஆக்கினார்கள். புகார் நிற்கவில்லை. அதே சர்வரில் வேறொரு சிறிய செயலியும் இயங்கியது, இரண்டும் அமர்வுக் கோப்புகளை ஒரே அடைவில் வைத்திருந்தன. அந்தச் செயலியின் மதிப்பு பழைய 1440 ஆகவே இருந்தது. துப்புரவு வேலைக்கு எந்தக் கோப்பு யாருடையது என்று தெரியாது, அடைவில் 24 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்த எல்லாவற்றையும் அது அழித்தது. அடைவு பொதுவாக இருக்கும்போது மிகக் குறைந்த மதிப்பே எல்லோருக்கும் பொருந்துகிறது. `session.save_path` வழியாக எங்கள் செயலிக்குத் தனி அடைவு கொடுத்த பிறகுதான் 3600 என்ற எண் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுதியவர்கள் மட்டும் இழந்தார்கள். புகார்களின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் ஒவ்வொரு புகாரின் கனமும் கூடியது.

பயனர்கள் கண்ட குறுக்கு வழிகள்

வெறும் படிவத்தைக் கண்டதும் எல்லோரும் முதலில் அழுத்துவது பின்செல்லும் பொத்தானைத்தான். பல தளங்களில் அது எழுதியதைத் திருப்பித் தரும். இங்கே தரவில்லை. அமர்வைத் தொடங்கும் எந்தப் பக்கத்துக்கும் பிஎச்பி தன் இயல்பு நிலையில் `Cache-Control: no-store, no-cache, must-revalidate` என்ற தலைப்பைச் சேர்த்து அனுப்புகிறது. உள்நுழைந்தவரின் பக்கத்தை அவருக்குப் பின் அதே கணினியில் அமர்பவர் பார்த்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் செய்யப்படுவது அது. அதன் விளைவாக, பின்சென்றபோது உலாவி பழைய பக்கத்தை எடுத்துத் தராமல் சர்வரிடம் புதிதாகக் கேட்டு வாங்கியது, எழுதியதும் மீளவில்லை.

இன்னும் சிலர் முன்னெச்சரிக்கையாக, சமர்ப்பிப்பதற்கு முன் வேறொரு தாவலில் மீண்டும் உள்நுழைந்து பார்த்தார்கள். இது அறிவார்ந்த யோசனைதான், இதற்கும் தண்டனை கிடைத்தது. படிவத்தில் மறைந்திருந்த போலிக் கோரிக்கைத் தடுப்பு டோக்கன் பழைய அமர்வோடு பிணைக்கப்பட்டிருந்தது. புதிய அமர்வோடு பழைய டோக்கன் வந்ததும் சர்வர் 403 என்று மறுத்தது. உள்ளடக்கம் அங்கும் கைவிடப்பட்டது.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு என் கருத்து உறுதியானது. காலாவதி நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தனி விவாதம், அதை வேறு காரணங்களுக்காக முடிவு செய்யலாம். காலாவதியான அமர்வோடு வரும் உள்ளடக்கத்தைக் கீழே போட்டதுதான் பிழை.

இதயத்துடிப்பு என்ற பொய்யான தீர்வு

இடையில் ஒரு நண்பர் எளிய வழி ஒன்றைச் செய்து பார்த்தார். பக்கம் திறந்திருக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்வருக்கு வெற்றுக் கோரிக்கை அனுப்பும் நிரலைச் சேர்த்தார். அமர்வு அழியவில்லை. ஆனால் தாவலைத் திறந்து வைத்துவிட்டுப் போனவரின் அமர்வும் அழியவில்லை. பொதுக் கணினியில் வங்கி விவரத்தோடு ஒரு பக்கம் இரவு முழுவதும் திறந்து கிடப்பதைத் தடுக்கத்தான் காலாவதி இருக்கிறது. அதைக் கோரிக்கை வடிவில் ஏமாற்றுவதைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஏற்க மறுத்தார், நானும் அவர் பக்கமே நின்றேன். மேலும் மடிக்கணினியை மூடினால் நிரல் நின்றுவிடுகிறது. மதிய உணவுக்கு மூடிவிட்டுத் திரும்பி வந்தவருக்கு அந்த ஏற்பாடு உதவவே இல்லை.

ஆனாலும் அதில் ஒரு சரியான விதை இருந்தது. நேரத்தை வைத்து அனுப்பாமல், எழுதும்போது மட்டும் அனுப்பினால், அதுவும் வெற்றுக் கோரிக்கையாக இல்லாமல் எழுதியதையே அனுப்பினால், சர்வர் முதன்முறையாக உண்மையான செயல்பாட்டைக் காணும்.

வரைவுச் சேமிப்பும் அதன் முதல் ஏமாற்றமும்

படிவம் திறக்கப்படும்போதே தரவுத்தளத்தில் ஒரு வரைவு வரிசை உருவாக்கப்பட்டு, அதன் உரிமையாளராக அந்தப் பயனரின் எண் பதியப்பட்டது. தட்டச்சு நின்று மூன்று நொடி ஆனதும், நிற்காமல் எழுதுபவராக இருந்தால் இருபது நொடிக்கு ஒரு முறையும், கட்டங்களின் உள்ளடக்கம் வரைவுக்கு அனுப்பப்பட்டது. பக்கத்தின் மேல் ஓரத்தில் "சேமிக்கப்பட்டது" என்ற சொல்லும் நேரமும் தோன்றும்.

முதல் பதிப்பை வெளியிட்ட சில நாளிலேயே ஒரு புகார் வந்தது. தேநீருக்குப் போய்விட்டு வந்து எழுதியதாகவும், எழுதும் நேரம் முழுவதும் "சேமிக்கப்பட்டது" என்றே காட்டியதாகவும், ஆனால் திரும்பி வந்த பின் எழுதியது எதுவும் வரைவில் இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். முதல் நோயைவிட இது மோசமானது, ஏனெனில் முன்பு படிவம் எந்த உறுதியும் தரவில்லை.

காரணம் பழைய 302 தான். அமர்வு காலாவதியான நிலையில் வரைவுச் சேமிப்புக் கோரிக்கை சென்றதும், சர்வர் வழக்கம்போல் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. உலாவியின் `fetch` திருப்பிவிடுதலைத் தானாகவே பின்தொடர்ந்து உள்நுழைவுப் பக்கத்தை வாங்கிக்கொண்டு, 200 என்ற பதிலோடு நிரலுக்குத் திரும்பியது. நிரல் `response.ok` என்பதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட்டது. திருத்தம் இரு பக்கமும் செய்யப்பட்டது. சர்வர், வரைவு முகவரிக்கு வரும் அமர்வற்ற கோரிக்கைக்கு 401 என்று பதிலளிக்கும், சேமித்தால் மட்டுமே 204 கொடுக்கும். உலாவிப் பக்கத்தில் திருப்பிவிடுதலைப் பின்தொடர்வது நிறுத்தப்பட்டது:

```js
const r = await fetch('/draft', {
  method: 'POST', body: data, redirect: 'manual'
}).catch(() => null);
if (!r || r.status !== 204) showNotSaved();
```

204 அல்லாத எதுவும், வலையமைப்புப் பிழையும் சேர்த்து, இப்போது சேமிக்கவில்லை என்றே காட்டப்படுகிறது. 401 வந்தால் பக்கம் எங்கும் போவதில்லை. எழுதியது அப்படியே இருக்க, மேலே ஒரு பட்டையில் மீண்டும் உள்நுழைய அழைப்பு வருகிறது, அது சிறு சாளரத்தில் திறக்கிறது. உள்நுழைந்ததும் பக்கம் புதிய டோக்கனைக் கேட்டு வாங்கி, நிலுவையில் உள்ளதைச் சேமிக்கிறது. உள்நுழைந்தவரும் வரைவின் உரிமையாளரும் ஒருவர்தானா என்பதை சர்வர் பார்க்கிறது. வேறொருவர் என்றால் மறுக்கிறது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2.2.5 என்ற விதி கேட்பதும் இதையேதான்: அமர்வு முடிந்தாலும் மீண்டும் அடையாளம் காட்டிய பின் தரவை இழக்காமல் தொடர முடிய வேண்டும். அது மிக உயர்ந்த நிலையான ஏஏஏ பிரிவில் இருப்பதால் பெரும்பாலான குழுக்கள் அதை எட்டிப் பார்ப்பதில்லை.

வந்த உள்ளடக்கத்தைக் கையில் வைத்திருத்தல்

வரைவு இருந்தும் சமர்ப்பிப்புப் பாதையை அப்படியே விட்டுவிட முடியவில்லை. திரும்பி வந்ததும் ஒரு வரியைத் திருத்திவிட்டு உடனே பொத்தானை அழுத்துபவருக்கும், நிரல் இயங்காத உலாவியில் எழுதுபவருக்கும் அந்த `POST` ஒன்றே வழி. எனவே வரைவின் எண்ணும் அதற்கான கையொப்பமும் படிவத்தில் மறைவாக வைக்கப்பட்டன. அமர்வற்ற சமர்ப்பிப்பு வந்தால் சர்வர் கையொப்பத்தைச் சரிபார்த்து, உள்ளடக்கத்தை அந்த வரைவின் பக்கத்தில் "நிலுவை" என்று தனியாக வைக்கிறது. பிறகுதான் உள்நுழைவுக்குத் திருப்புகிறது. உரிமையாளர் உள்ளே வந்ததும் நிலுவையில் இருந்தது படிவத்தில் நிரப்பப்பட்டுக் காட்டப்படுகிறது.

இங்கே ஒரு ஆசையை அடக்க வேண்டியிருந்தது. நிரப்பிக் காட்டுவதற்குப் பதிலாக உள்நுழைந்தவுடன் தானாகவே சமர்ப்பித்துவிட்டால் பயனருக்கு ஒரு சொடுக்கு மிச்சமாகும். ஆனால் அமர்வு இல்லாத நிலையில் போலிக் கோரிக்கைத் தடுப்பு டோக்கனைச் சரிபார்க்க வழியில்லை. அந்த உள்ளடக்கத்தை அனுப்பியவர் அவர்தான் என்பதற்குக் கையொப்பம் மட்டுமே சாட்சி. ஆகவே நிலுவை உள்ளடக்கம் பழைய வரைவின் மேல் எழுதப்படுவதும் இல்லை, மனிதர் பார்த்து மீண்டும் அழுத்தாமல் சமர்ப்பிக்கப்படுவதும் இல்லை. அதன் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

302-க்குப் பதில் 307 கொடுத்தால் உலாவி உள்ளடக்கத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பும் என்பதால் அதையே பயன்படுத்தலாமே என்று கேட்டார் ஒருவர். அனுப்பும், ஆனால் உள்நுழைவு முகவரிக்குத்தான் அனுப்பும். அந்தப் பக்கம் வங்கி விவரத்தோடு வரும் ஒரு படிவத்தைக் கடவுச்சொல் படிவத்துக்குள் ஒளித்துச் சுமக்க வேண்டியிருக்கும். அதைவிடத் தரவுத்தளத்தில் ஒரு வரிசை எளிது.

உலாவியின் `localStorage` சேமிப்பகத்தில் வரைவை வைக்கும் யோசனையும் வந்தது. விண்ணப்பதாரர்களில் பலர் பொதுக் கணினியில் எழுதுபவர்கள். அந்தச் சேமிப்பகம் வெளியேறிய பிறகும் அழியாது, அடுத்து அமர்பவர் அதைப் படிக்க முடியும். அதனால் கைவிட்டோம்.

எச்சரிக்கையும் சோதனையும்

துப்புரவின் குலுக்கலை நம்பாமல், கடைசிச் செயல்பாட்டு நேரத்தை அமர்வுக்குள்ளேயே எழுதி, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒப்பிட்டு, 30 நிமிடத்தில் உறுதியாக முடியும்படி மாற்றினோம். காலாவதி முன்பைவிடச் சுருங்கியது, இழப்பு நின்றது. முடிவதற்கு இரண்டு நிமிடம் முன் எச்சரிக்கை தோன்றும், ஒரே சொடுக்கில் நீட்டிக்கலாம். வழிகாட்டியின் 2.2.1 விதி குறைந்தது 20 நொடி கேட்கிறது. திரைவாசிப்பானில் படிப்பவருக்கு 20 நொடி போதாது என்பது என் அனுபவம். அந்த எச்சரிக்கையின் கடிகாரம் நொடிகளை எண்ணாமல், `Date.now()` தரும் உண்மை நேரத்தோடு ஒப்பிடுகிறது. பின்னணித் தாவலில் உலாவி நேரங்காட்டிகளை மெதுவாக்குகிறது, கணினி உறங்கினால் அவை நின்றே போகின்றன. எண்ணிக் கழிக்கும் கடிகாரம் விழித்தெழும்போது இன்னும் பதினைந்து நிமிடம் இருப்பதாகப் பொய் சொல்லும்.

இப்போது சோதனை செய்பவர் ஒரு மணி நேரம் காத்திருப்பதில்லை. படிவத்தைப் பாதி நிரப்பியதும் உலாவியின் உருவாக்குநர் கருவியில் அமர்வுக் குக்கீயை அழிக்கிறார். பிறகு ஒரு முறை தொடர்ந்து எழுதியும், ஒரு முறை உடனே சமர்ப்பித்தும், ஒரு முறை வேறு பயனராக உள்நுழைந்தும் பார்க்கிறார். மூன்றும் ஐந்து நிமிட வேலை.

இணைப்புக் கோப்புகள் மட்டும் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை மீண்டும் கோப்புக் கட்டத்தில் வைக்க எந்தச் சர்வராலும் முடியாது. பக்கத்தைத் தரும் தளம் பயனரின் வட்டில் உள்ள ஒரு பாதையைத் தானே சுட்டிக்காட்ட உலாவி அனுமதிப்பதில்லை, அது நியாயமும்கூட. தேர்ந்தெடுத்த உடனேயே கோப்பைத் தனியாகப் பதிவேற்றி வரைவோடு இணைக்கிறோம். பதிவேற்றத்தின் நடுவில் அமர்வு முடிந்தால் அந்தக் கோப்பின் பெயருக்கு எதிரே "மீண்டும் இணைக்கவும்" என்று மட்டும் எழுதிக் காட்டுகிறோம்.